நிழலைத் திருத்தாதீர்கள்

ஜூன் மாதப் பள்ளித் திறப்பை ஒட்டி எழுதுபொருள் கடைகள் வெளியிடும் விளம்பரப் படங்கள் பலவும் ஒரே முறையில் எடுக்கப்படுகின்றன. மஞ்சள் அல்லது நீலச் சார்ட் தாளில் நோட்டு, பேனா, ஸ்கேல், ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்தி எடுக்கிறார்கள். ஃபிளாட் லே என்று புகைப்படக்காரர்கள் சொல்வது இதைத்தான். பளிச்சென்ற நிறமும் ஒரே பக்கம் சாயும் கூர்மையான நிழலும் இதன் அடையாளங்கள்.

இந்த முறையின் பெரிய பலம், எந்தப் பொருளும் இன்னொன்றை மறைக்காது என்பது. எல்லாம் ஒரே தளத்தில் கிடப்பதால் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரியாது. லாங் சைஸ் நோட்டுக்கும் ஷார்ட் சைஸ் நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அளந்தாற்போல் விழும். ஆனால் கேமரா மேசைக்குச் சரியான இணையாக இருக்க வேண்டும். செல்போனை மிக அருகில் பிடித்து எடுத்தால் ஓரத்தில் உள்ள நோட்டுகளின் விளிம்பு வளையும். சற்று உயர்த்திப் பிடித்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் நேராகும்.

நீள அகலத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் இதே கோணம் தடிமனை அடியோடு விழுங்கிவிடுகிறது. 80 பக்க நோட்டும் 192 பக்க நோட்டும் மேலிருந்து பார்த்தால் ஒரே செவ்வகம்தான். பெற்றோர் காசு கொடுப்பதோ பக்கத்துக்கு. எனவே இந்தப் படத்தில் தடிமனுக்குச் சாட்சியாக மிஞ்சுவது நிழல் மட்டுமே. அதை வெறும் அழகாகக் கருதுவதில்தான் தவறு தொடங்குகிறது.

மே மாத இறுதியில் சென்னையில் காலை 9 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 45 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள நோட்டின் நிழல் வெயில் சாயும் திசையில் ஒரு சென்டிமீட்டர் நீளும். அரை சென்டிமீட்டர் நோட்டுக்கு அரை சென்டிமீட்டர். படத்தின் எந்த மூலையில் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் வெயில் இணையாக விழுகிறது. நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடுவதால் அதே ஒரு சென்டிமீட்டர் நோட்டின் நிழல் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

அறைக்குள் விளக்கை வைத்து எடுக்கும்போது சிக்கல் வருகிறது. மேசைக்கு 120 சென்டிமீட்டர் உயரத்தில், சார்ட்டின் இடது ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக 60 சென்டிமீட்டர் தள்ளி ஒரு விளக்கு இருப்பதாகக் கொள்வோம். சார்ட்டின் அகலம் 70 சென்டிமீட்டர். இடது ஓரத்தில் உள்ள ஒரு சென்டிமீட்டர் நோட்டுக்கு நிழல் அரை சென்டிமீட்டர். வலது ஓரத்தில் உள்ள அதே தடிமன் நோட்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரே நோட்டு ஓரிடத்தில் மற்றோரிடத்தைப் போல இருமடங்கு தடிமனாகத் தெரியும். நிழல்கள் விசிறிபோல் விரிந்திருந்தால் விளக்கு மிக அருகில் இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். அறைக்கு இடம் இருக்கும்வரை விளக்கைப் பின்னுக்கு நகர்த்துவதே இதற்கு வழி.

இதைவிட மோசமானது, பொருள்களைக் கணினியில் வெட்டியெடுத்து ஆயத்த நிழலை ஒட்டுவது. பென்சிலுக்கும் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் ஒரே நீளத்தில், ஒரே மென்மையில் நிழல் விழுந்திருந்தால் அது ஒட்டியதுதான். படம் சுத்தமாக இருக்கும். ஆனால் தடிமனைக் காட்டிய ஒரே சாட்சியும் போய்விடும்.

நிறத்திலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. பளிச்சென்ற பின்னணி கடந்துபோகும் கண்ணை நிறுத்துகிறது, அது வியாபாரத்துக்குத் தேவை. ஆனால் படம் முழுக்க மஞ்சள் இருந்தால் கேமரா தானாகவே நிறத்தைத் திருத்த முயன்று வெள்ளைத் தாளை நீலம் பாய வைக்கலாம். சார்ட்டிலிருந்து தெறிக்கும் மஞ்சள் அழிப்பானின் வெள்ளைப் பக்கத்தில் ஏறலாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளை அதே வெளிச்சத்தில் வைத்து வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டு, பிறகு சார்ட்டை விரிப்பது நல்லது. திருத்தும்போது நிறத்தை மேலும் ஏற்றினால் நோட்டின் சிவப்பு அட்டையில் எழுத்தும் இழையும் ஒரே பூச்சாகிவிடும்.

அந்த அட்டையின் ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் முதல் வாரத்திலேயே அதன்மேல் பிரவுன் ஷீட் ஏறி, லேபிள் ஒட்டப்படும். ஆண்டு முழுதும் பிள்ளை பார்ப்பது உள்தாளை. அது ஒரு கோடா, இரண்டு கோடா, நான்கு கோடா, கோடு போடாததா? பேனா மை பின்பக்கம் ஊறுகிறதா? மூடிய நோட்டுகளை வரிசையாக அடுக்கிய படம் இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

ஆனாலும் ஒரு தொகுப்பில் என்னென்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்ட ஃபிளாட் லேயைவிட எளிய முறை இல்லை. ஆகவே இந்த முறையைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு நோட்டையாவது திறந்து, எழுதிய பக்கத்தின் மறுபுறம் தெரிய வைக்கலாம். பக்க எண்ணிக்கையை நோட்டின் அருகிலேயே அச்சிடலாம். விற்கும் தொகுப்பில் இல்லாத காபிக் கோப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துவிடலாம். நிழலை மட்டும் வெளிச்சம் போட்டபடியே விட்டுவிட வேண்டும்.