அத்திவரதர் காணொலிகளும் துணைநூற்பட்டியலும்: பதிவேற்ற நாளும் பதிவு நாளும்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதரை 2019 சூலை 1 முதல் மக்கள் வழிபட்டனர். 1979 விழாவை ஆராய்வோர்க்கு இதழ்ச் செய்திகளும் நினைவுகளுமே பெரிதும் துணை. 2019 விழாவுக்கோ கைப்பேசிக் காணொலிகள் குவிந்து கிடக்கின்றன. ஆயினும் இவ்விழா பற்றிய துணைநூற்பட்டியல்களில் "யூடியூப், 2019" என்ற அளவிலேயே சான்று நின்றுவிடுவதுண்டு.

இக்குறைக்கு என் ஆய்வேட்டின் முதல் வரைவும் விலக்கன்று. அதில் மூன்று காணொலிகளை மூன்று தனிச் சான்றுகளாக எண்ணியிருந்தேன். பின்னர் ஒப்பிட்டபோது அவை ஒரே பதிவின் மறுபதிவேற்றங்கள் எனத் தெரிந்தது. மறுபடி ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும் யூடியூப் புதிய 11 எழுத்துக்குறி அடையாளத்தைத் தருகிறது, நாளும் மாறுகிறது. எனவே முகவரி வேறு என்பதனால் சான்று வேறு ஆகிவிடாது.

இங்கு நாளைச் சரிபார்க்க உதவும் அகச்சான்று ஒன்று உண்டு. சூலை 31 வரை பெருமாள் சயனக் கோலத்திலும் ஆகத்து 1 முதல் நின்ற கோலத்திலும் காட்சியளித்தார். ஆகத்து 10 அன்று ஏற்றப்பட்ட ஒரு காணொலியில் சயனக் கோலம் தெரியுமாயின், அது சூலையிலேயே பதிவானது. ஏபிஏ ஏழாம் பதிப்பு பதிவேற்றியவரையே ஆசிரியராகவும், பதிவேற்ற நாளையே நாளாகவும் கொள்ளும். பட்டியலில் அவ்விதியைப் பின்பற்றலாம். ஆனால் கூட்ட நெரிசலையோ வழிபாட்டு முறையையோ நாள்வாரியாக ஆராய்பவர், பதிவான காலத்தைக் கட்டுரை உடலில் தனியே சுட்டியாக வேண்டும். இல்லையெனில் சூலை நிகழ்வு ஆகத்துக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பதிவு இவ்வாறு அமையலாம்:

```
அலைவரிசைப் பெயர். (2019, ஆகத்து 10).
தலைப்பு உள்ளவாறே [காணொலி]. யூடியூப்.
https://www.youtube.com/watch?v=...
```

தலைப்பை "உள்ளவாறே" தருதல் வேண்டும். "அத்திவரதர்", "அத்தி வரதர்" என இருவகையாகவும் எழுதுகின்றனர். ஆய்வாளர் எழுத்தைத் திருத்தினால் தேடுவோர்க்கு அது கிட்டாமற் போகலாம். நெசவாளர் ஒருவரின் நேர்காணலாயின், பேசியவர் பெயர் பட்டியலின் ஆசிரியர் இடத்தில் வராது; கட்டுரை உடலில், அவர் பேசும் நிமிட நொடிக் குறிப்புடன் வரும். நாற்பது நிமிடக் காணொலியை நேரக்குறிப்பின்றிச் சுட்டுவது பக்க எண்ணின்றி நூலைச் சுட்டுவதற்கு நிகர்.

வலையொலிக்கு ஏபிஏ நெறி தொகுப்பாளரை முதலில் நிறுத்தி, பகுதியின் தலைப்பையும் எண்ணையும் கேட்கும். முகநூல், ட்விட்டர் இடுகைகளுக்கு முதல் இருபது சொற்களைத் தலைப்பாகக் கொள்ளும். ஒட்டுகள் செறிந்த தமிழில் இருபது சொற்களுக்குள் சிற்றிடுகை முழுதுமே அடங்கிவிடுவதுண்டு என்பதால், இவ்விதி நமக்குச் சற்று மிகையே. ட்விட்டர் 2023 சூலையில் எக்ஸ் எனப் பெயர் மாறியது. 2019 இடுகைகளை எப்பெயரால் சுட்டினாலும், பட்டியல் முழுதும் அதனையே ஆளுதல் வேண்டும்.

எவ்வளவு செம்மையாகக் குறித்தாலும் நீக்கப்பட்ட காணொலியை முகவரி மீட்டுத் தராது. இணையக் காப்பகங்கள் பக்கத்தைச் சேமித்தாலும் அதனுள் ஓடும் காட்சி பெரும்பாலும் சேமிக்கப்படுவதில்லை. ஆதலால் ஆய்வுக்கு அடிப்படையான பகுதியின் எழுத்துப்பெயர்ப்பையும் பார்த்த நாளையும் பின்னிணைப்பில் தருவதே தகும்.