விலைவாசி உயர்வு காரணமாக

துறைகளின் நிதி அறிக்கையில் ஒரு பத்தியின் தலைப்பு ‘காரணம்’ என்றிருக்கும். அதில் நிரப்பப்படும் தொடர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ‘விலைவாசி உயர்வு காரணமாக’, ‘கூடுதல் தேவை காரணமாக’, ‘பணியிடங்கள் காலியாக இருந்தமையால்’. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் படித்தவருக்கு முன்பு தெரியாதது எதுவும் இப்போதும் தெரிவதில்லை. அரசுத் துறைகளில் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. மாநிலங்களின் நிதி ஒதுக்கீட்டுக் கணக்குகளைப் புரட்டினால், மிச்சத்துக்கோ கூடுதல் செலவுக்கோ காரணம் தெரிவிக்கப்படவில்லை என்று தணிக்கைத் துறை எழுதிவைத்த குறிப்புகள் அடிக்கடி கண்ணில் படும்.

இதற்கு மருந்தாகக் கணக்கியல் சொல்வது, மாறுபாட்டை உடைத்துக் காட்டுவது. அந்த முறை எதைச் சாதிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்ப்போம். நூறு படுக்கைகளுக்குச் சற்று மேலுள்ள ஒரு மருத்துவமனையின் சமையற்கூடம். ஏப்ரல் முதல் ஜூன் வரை நோயாளிகளுக்கு 30,000 சாப்பாடு, ஒன்றுக்குப் பொருள் செலவு ரூ.60 என்று ரூ.18 லட்சம், அடுப்பு, நீராவிப் பானைகளின் பராமரிப்புக்கு ரூ.22,000. ஆக, பட்ஜெட் ரூ.18,22,000. செலவானது ரூ.22,00,000. கூடுதல் ரூ.3,78,000. காரணப் பத்தியில் என்ன எழுதியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உடைப்பதில் முதல் வேலை, பட்ஜெட்டையே திரும்பப் போடுவது. அந்தக் காலாண்டில் உள்நோயாளிகள் கூடியதால் பரிமாறியது 33,000 சாப்பாடு. அத்தனைக்கு ரூ.60 வீதம் போட்டாலே ரூ.1,80,000 கூடிவிடுகிறது. கூடுதலில் ஏறக்குறையப் பாதி இது. சமையற்கூடம் இதற்கு எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாப்பாட்டுக்கான கட்டணம் நோயாளியின் பில் வழியாக வேறொரு தலைப்பில் வரவாகியிருக்கும். இந்த முறையின் பெரிய பலம் இங்கேதான். கணக்குத் தெரியாத மருத்துவருக்கும் அறங்காவலருக்கும் ‘கூடுதலாகச் சாப்பிட்டவர்களால் வந்தது இவ்வளவு’ என்ற ஒரு வரி போதும். மீதி ரூ.1,98,000 மட்டுமே கேள்விக்குரியது என்று கூட்டத்தின் கவனம் சுருங்கிவிடும்.

அந்த மீதியில் ரூ.66,000 வெறும் காலக் கணக்கு. பராமரிப்பு ஒப்பந்தத்தின் ஆண்டுத் தொகை ரூ.88,000. பட்ஜெட்டில் அதை நான்காகப் பிரித்துப் போட்டார்கள். நிறுவனமோ முழுத் தொகையையும் ஏப்ரலிலேயே வாங்கிக்கொண்டது. ஒரு ரூபாய்கூட அதிகம் செலவாகவில்லை. எஞ்சிய ரூ.1,32,000 முழுக்கக் காய்கறியில். சாப்பாட்டுக்கு 200 கிராம் வீதம் 6,600 கிலோ போதும், கிலோ ரூ.50 என்பது திட்டம். வாங்கியது 7,700 கிலோ, சராசரி விலை ரூ.60. ஆகவே அதிகம் எடுத்த 1,100 கிலோவுக்குப் பழைய விலையில் ரூ.55,000, விலை ஏற்றத்துக்கு ரூ.77,000. கூட்டிப் பார்த்தால் ரூ.3,78,000 சரியாக வந்து நிற்கிறது.

பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில் நிம்மதியாக நின்றுவிடுகின்றன. எனக்கு உறுத்துவதும் இந்த இடம்தான். ‘விலை மாறுபாடு ரூ.77,000’ என்பது செலவு எங்கே கூடியது என்று சொல்கிறதே தவிர, ஏன் கூடியது என்று சொல்லவில்லை. கொள்முதல் கோப்பைத் திறந்தால் வேறு கதை இருக்கிறது. காய்கறி வழங்குபவரின் ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிந்தது. புதுப்பிக்கும் கோப்பு ஆறேழு வாரம் மேசை மேசையாக அலைந்தது. அதுவரை பக்கத்துக் கடையில் கிலோ ரூ.66-க்கு 3,850 கிலோ. புது ஒப்பந்தம் வந்தபின் ரூ.54-க்கு இன்னொரு 3,850 கிலோ. சந்தை உண்மையிலேயே ஏறியது ரூ.4 என்றால் அதனால் வந்த செலவு ரூ.30,800. கோப்பு தூங்கியதற்குக் கொடுத்த விலை ரூ.46,200. மொத்தக் கூடுதலில் விலைவாசியின் பங்கு நூற்றுக்கு எட்டுதான்.

பிரிக்கும் சூத்திரத்திலேயே ஒரு வழக்கம் ஒளிந்திருக்கிறது. சாதாரண வாசகருக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. அதிகம் வாங்கிய 1,100 கிலோவுக்கும் கிலோவுக்கு ரூ.10 அதிகம் கொடுத்தோமல்லவா? அந்த ரூ.11,000 விலையைச் சேர்ந்ததா, அளவைச் சேர்ந்ததா? இரண்டும் சேர்ந்து பிறந்தது அது. மரபுப்படி விலையின் தலையில் ஏற்றிவிடுகிறோம். சமையற்கூடம் அத்தனை கிலோ கேட்காமலிருந்தால் அந்தப் பணம் போயிருக்காதே என்று கொள்முதல் பிரிவு முறையிட்டால், நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது. பிரித்த எண்களைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்கக் கூடாது என்பதற்கு இந்த ரூ.11,000 போதும்.

இதைவிட ஆபத்தானது ‘சாதகம்’ என்ற சொல். இதே துறையின் சம்பளத் தலைப்பில் ரூ.90,000 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.15,000 வீதம் இரண்டு உதவியாளர் பணியிடங்கள் மூன்று மாதமாகக் காலி. சாதகம் என்று முத்திரை குத்தி அறிக்கை அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த இருவரின் வேலையோ விடிகாலையில் வந்திறங்கும் காய்கறியை எடைபோட்டு, அழுகலைக் கழித்துத் திருப்பி அனுப்புவது. ஆளில்லாததால் வந்த மூட்டை அப்படியே உள்ளே போயிருக்கலாம். கழிவுத் தொட்டியில் விழுந்ததெல்லாம் பயன்பாடாகக் கணக்கேறியிருக்கலாம். ஒரு தலைப்பின் மிச்சமே இன்னொன்றின் பற்றாக்குறையாக இருக்கும்போது, தலைப்புவாரியாகக் காரணம் எழுதும் அறிக்கைக்கு அது கண்ணில் படவே படாது. ‘இருக்கலாம்’ என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு: 1,100 கிலோ முழுவதும் அப்படித்தான் போனது என்று எந்தத் தாளும் நிரூபிக்காது. ஒரு வாரம் தொட்டியைத் தராசில் வைத்தால் ஓரளவு தெரியும்.

திருத்த நடவடிக்கை என்ற பத்தி இதனால்தான் பெரும்பாலும் வெறுமையாக ஒலிக்கிறது. காரணம் ‘விலைவாசி’ என்றால், நடவடிக்கை ‘செலவினம் உன்னிப்பாகக் கண்காணிக்கப்படும்’ என்பதைத் தவிர வேறென்ன எழுதுவது? காரணத்தை நடந்த சம்பவம்வரை துரத்தினால் நடவடிக்கை தானாக உருவம் பெறும். கூடுதல் சாப்பாட்டுக்குத் திருத்திய மதிப்பீட்டில் பணம் கேட்க வேண்டும். சிக்கனம் பேசிப் பயனில்லை. ஒப்பந்தக் கோப்பைக் கொள்முதல் பிரிவு ஜனவரியிலேயே எடுக்க வேண்டும். தொட்டியை எடைபோடும் பொறுப்பு சமையற்கூடக் கண்காணிப்பாளருக்கு, ஒரு வாரத்துக்கு. அந்த எடையைப் பார்த்தபின் பணியிடங்களை நிரப்புவதா என்று நிர்வாகம் முடிவு செய்யட்டும். சந்தையேற்றமான ரூ.30,800-க்கு எதுவும் செய்ய முடியாது என்று நேராக எழுதிவிடலாம். அப்படி எழுதிய அறிக்கையைப் பார்ப்பது அரிது.

எல்லாத் தலைப்புக்கும் இத்தனை தோண்ட முடியாது என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் மட்டும் விளக்கம் என்பதுபோல வரம்பு வைக்கிறார்கள். அந்த வரம்பு நிகரத் தொகையைத்தான் பார்க்கும். சம்பளமும் பொருளும் ஒரே தலைப்பில் இருந்திருந்தால் ரூ.90,000 மிச்சம், கூடுதலில் கால்பங்கை விழுங்கியிருக்கும்.

பராமரிப்புத் தொகையின் கணக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த மூன்று காலாண்டுகளிலும் பட்ஜெட்டில் ரூ.22,000 இருக்கும்; செலவு இருக்காது. மூன்று முறையும் அந்த வரிக்கு எதிரே ‘சிக்கன நடவடிக்கைகள் காரணமாக’ என்று யாராவது எழுதப்போகிறார்கள்.