பெயர்க்காமல் பிரித்தல்

பம்மலிலிருந்து பல்லாவரம் எட்டிப் போகும் தூரம்தான். அந்தப் பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் 1911 முதல் 1950-இல் மறையும் வரை வாழ்ந்தார். தனித்தமிழ் இயக்கத்தை வைத்தே இந்தப் பக்கத்தில் அவரை நினைக்கிறார்கள். எனக்கு அவர் வேறொரு காரணத்தால் நெருக்கமானவர். பழம்பாட்டின் சொற்களை எவ்வளவு தூரம் இடம் மாற்றிப் பொருள் சொல்லலாம் என்ற கேள்வியில், பெரும் உரையாசிரியர் ஒருவரோடு நேருக்கு நேர் வாதிட்டவர் அவர். பல்லாவரம் வருமுன், கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதே முல்லைப்பாட்டுக்கு 1903-லும் பட்டினப்பாலைக்கு 1906-லும் ஆராய்ச்சியுரை எழுதினார். அப்போது கல்லூரி சென்னை நகருக்குள் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937-இல்.

வாதத்தின் மறுபக்கத்தில் இருந்தவர் நச்சினார்க்கினியர். பத்துப்பாட்டு முழுமைக்கும் அவர் எழுதிய உரையை உ.வே.சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்தார். அந்த உரை இல்லையென்றால் பத்துப்பாட்டில் பாதி நமக்கு இருட்டாகவே இருந்திருக்கும். ஆனால் நச்சினார்க்கினியருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓரிடத்துச் சொல்லை எடுத்துப் பல அடிகள் தள்ளியிருக்கும் சொல்லோடு கூட்டுவார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் 'மாட்டு' என்ற உறுப்பு. பொருள் விலகிக் கிடந்தாலும் நெருங்கிக் கிடந்தாலும் முடிவுபெறக் கொண்டுவந்து சேர்ப்பது மாட்டு. அந்த விதி அனுமதி தருகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

முல்லைப்பாட்டு 103 அடிகள். மழைக்காலத்து மாலையில் முதுபெண்டிர் நற்சொல் கேட்கப் போகிறார்கள். ஆய்மகள் ஒருத்தி கன்றுக்குச் சொல்லும் ஆறுதல் அவர்கள் காதில் விழுகிறது. அதைக் கொண்டு தலைவியைத் தேற்றுகிறார்கள். அவளோ கண்ணீர் விடுகிறாள். பிறகு பாசறை, கடைசியில் தேரின் வருகை. முல்லைக்குரிய ஒழுக்கம் ஆற்றியிருத்தல், இங்கே தலைவி அழுகிறாள். இந்த முரணைத் தீர்க்க வேண்டும் என்ற கவலை நச்சினார்க்கினியர் உரையில் தெரிகிறது. அடிகளை இடம் மாற்றிக் கூட்டியும் அவர் பொருள் சொல்கிறார். மறைமலையடிகள் இதை ஏற்கவில்லை. பாட்டு கிடந்த வரிசையிலேயே பொருள் ஒழுகுகிறது, அதைக் குலைத்தால் புலவன் அமைத்த காட்சியின் ஓட்டமும் குலையும் என்பது அவர் நிலை. இந்த வழக்கில் நான் மறைமலையடிகளின் பக்கம். ஏன் என்பதைப் பட்டினப்பாலையை வைத்துச் சொல்கிறேன்.

பட்டினப்பாலை 301 அடிகள், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. வீட்டு மாடியில் ஞாயிறு மாலை என்னிடம் பாடம் கேட்கும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இந்தப் பாட்டில்தான். காவிரி வருகிறது, சோழநாட்டு வயல் வருகிறது, துறைமுகம் வருகிறது, புலிமுத்திரை குத்திய மூட்டைகளும் கடல்வழி வந்த குதிரைகளும் வருகின்றன. யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் வரவில்லை. உடனே, சொற்கள் முன்பின்னாகக் கிடக்கின்றன, நாம்தான் அடுக்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

தேட வேண்டியது எழுவாயை அல்ல, வினைமுற்றை. சந்தி பிரித்தபின் பென்சிலால் வினைமுற்றுகளை மட்டும் வட்டமிடச் சொல்வேன். உள்ளே இருக்கும் சின்ன வாக்கியங்கள் எல்லாம் ஏதோ ஒரு பெயரில் போய் முடிவதால் ஒவ்வொரு வட்டமாக அழிந்துபோகும். பாட்டைத் தாங்கும் முதல் முற்று 220-ஆம் அடியில் நிற்கிறது. வரமாட்டேன் என்று ஒருவன் தன் நெஞ்சிடம் சொல்கிறான். அவன் விட்டுவர மறுப்பது காதலியை. எது கிடைத்தாலும் மறுக்கிறான் என்றால், அந்தப் பட்டினமே கிடைத்தாலும். பட்டினம் என்ற பெயர் வருவது 218-ஆம் அடி. அதற்கு முந்திய 217 அடிகளும் அந்த ஒரு பெயருக்கு அடைமொழி.

இதில் இடம் மாறிய சொல் மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். அடைமொழி முன்னால், பெயர் பின்னால், வினை கடைசியில் என்பது நாம் இன்றும் பேசும் தமிழின் வரிசையேதான். அளவுதான் பெரிது. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்ற அமைப்பை 217 அடிக்கு நீட்டியிருக்கிறார். நெஞ்சை விளிப்பது மட்டும் வினைக்குப் பின்னால் நிற்கிறது. ஆகவே செய்ய வேண்டியது பெயர்ப்பதல்ல, பிரிப்பது. ஒவ்வொரு பெயரெச்சத்தையும் முற்றாக்கித் தனி வாக்கியமாக நிறுத்த வேண்டும். காவிரி பொய்க்காது. அது வளப்படுத்தும் நாட்டில் வயல்கள் உண்டு. அந்த நாட்டின் கரையில் ஒரு பட்டினம் உண்டு. அந்தப் பட்டினமே கிடைத்தாலும், நெஞ்சே, இவளை விட்டு வரமாட்டேன். ஒரு சொல்லும் பல அடி தாண்டிக் குதிக்கவில்லை.

உண்மையான இடமாற்றம் கடைசி மூன்று அடிகளில் இருக்கிறது. எண்பது அடி நீளத்துக்குக் கரிகாலனின் வீரம் சொல்லி வந்தபின், அவனுடைய வேலோடும் கோலோடும் ஒப்பிட்டு முடிக்கிறார். ஒரு மாணவி இதை, 'வேலைவிடக் கொடிய காட்டில்' என்று படித்துவிட்டு, அந்தக் காட்டில் என்ன நடந்தது என்று தேடிக்கொண்டிருந்தாள். அவள் மேல் பிழையில்லை. 'வெய்ய', 'தண்ணிய' போன்ற சொற்கள் பழந்தமிழில் இரண்டு வேலை செய்யும். பெயருக்கு முன் அடையாகவும் நிற்கும், அஃறிணைப் பன்மைக்கு முற்றாகவும் முடியும். இன்று 'பெரிய வீடுகள்', 'வீடுகள் பெரியவை' என்று வேறுபடுத்துகிறோம். அன்று இரண்டுக்கும் 'பெரிய' போதும். எது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. அடையாகக் கொண்டால் வாக்கியம் முடியாமல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே தொங்குகிறது. எனவே அதுவே பயனிலை, பின்னால் வரும் பெயர் எழுவாய். இரண்டையும் இடம் மாற்றினால் நேரான உரைநடை கிடைக்கிறது: 'நான் போக வேண்டிய காடுகள், பகைவர்மேல் வளவன் ஓங்கிய வேலைவிடக் கொடியவை. இவள் தோள்களோ அவன் செங்கோலைவிடக் குளிர்ந்தவை.' மாற்றியது ஒரே வாக்கியத்துக்குள், பக்கத்துச் சொற்களை மட்டும்.

எச்சம் முடிவில்லாமல் நின்றாலோ பொருள் உலகியலோடு மோதினாலோதான் சொல்லை நகர்த்துவேன். பொருள் மோதுவதற்கு இலக்கண உரைகள் காட்டும் சுனைப் பாட்டு நல்ல சான்று. கிடந்தபடி படித்தால் சுரைக்காய் மூழ்கும், அம்மி மிதக்கும். யானைக்கு ஆழம், முயலுக்கு நிலை. இந்தச் சொற்களை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். இது மொழிமாற்று. தொல்காப்பியம் நான்காகவும் நன்னூல் எட்டாகவும் சொல்லும் பொருள்கோள்களில் இரண்டு நூலுக்கும் பொதுவானது. இப்படி முட்டும் கல் எதுவும் இல்லாத இடத்தில் அடிகளைப் பெயர்ப்பவர், தம் முன்முடிவுக்காகப் பெயர்க்கிறார் என்றே சந்தேகிக்கிறேன்.

செய்யுள் விகாரம் இதைவிடச் சிறிய தொல்லை. தளைக்காகவும் எதுகைக்காகவும் நிழல் நீழல் ஆகும், நீலம் நீல் ஆகும். அகராதியில் சொல் கிடைக்காதபோது அவை தாமே காட்டிக்கொடுத்துவிடும். குறைந்து நிற்கும் சொல் இன்னொரு நல்ல சொல்லாக இருக்கும்போதுதான் ஆபத்து. தாமரை முதலெழுத்தை இழந்து 'மரை' ஆனால், மரை என்ற மானும் உண்டு. பக்கத்தில் இதழோ பொய்கையோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

உரைநடை எழுதி முடித்ததும் பிள்ளைகளை மறுபடி பாட்டைப் படிக்கச் சொல்வேன். 'நெஞ்சே, வரமாட்டேன்' என்பதை உரைநடையில் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் பாட்டின் பெரிய காரியம் ஒன்று போய்விடும். துறைமுகத்தின் செல்வம் முழுவதையும் நம் கண்முன் கொட்டிக் காட்டி, இவ்வளவும் கிடைக்கும் என்று 217 அடிகள் ஆசை காட்டிய பிறகு, ஒரே சொல்லில் அவன் வேண்டாம் என்கிறான். போன வாரம் அந்த மாணவி 220-ஆம் அடியில் நிறுத்தி, மேலே படிக்காமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.