காலைப் பிரார்த்தனையில் ஒரு பேச்சு

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் காலைப் பிரார்த்தனையின்பின், அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கங் கூறித் தொடங்கும் பேச்சுக்களுள், பரீட்சை நேரத்தைப் பற்றி நான் மாதிரியாகக் காட்ட விரும்புவது, காலத்தின் அருமையை வர்ணியாமல் உயர்தர இரசாயனவியலின் முதலாம் வினாத்தாளையே கையிலெடுத்த ஒரு மாணவியின் பேச்சாகும். 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம் என்றால் வினாவொன்றுக்கு 2 நிமிடம் 24 விநாடி, அக்கணக்கு செவியில் நில்லாதென்று உணர்ந்து, “வினாவுக்கு இரண்டு நிமிடம், மிஞ்சும் இருபது நிமிடம், விட்டுவந்த வினாக்களுக்கு” என்று அவள் நிறுத்திச் சொன்ன சாதுரியமே அப்பேச்சின் ஜீவன். ஒரு வினாவைத் தாண்டும்போது விடைத்தாளிலும் அதன் வரியைத் தாண்டாவிடில், பின்வரும் புள்ளடிகள் யாவும் ஒரு வரி மேலேறிவிடும் என்பதையும், பத்து வினாவுக்கொருமுறை இலக்கங்களை ஒப்பிட்டால் அப்பிசகு உடனே அகப்படும் என்பதையும் அவள் விஸ்தாரமாகவே விளக்கினாள். அந்த விஸ்தாரம் மிக அவசியமானது.