ஒப்பமிடாதவரைத் தேடுதல்

தமிழ்நாட்டில் மனை வாங்கப் புகுவோர் முதற்கண் நாடுவது சார்பதிவாளர் அலுவலகம் வழங்கும் வில்லங்கச் சான்றினை. யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவோர் நாடுவது காணிப் பதிவகத்துத் தோம்பினை. கிராமத்தையும் சர்வே எண்ணையும் குறித்து விண்ணப்பித்தால், வழக்கமாக 30 ஆண்டுகளுக்குள் அந்நிலத்தின்மீது பதிவான கிரயம், அடமானம், தானம் முதலியவற்றை முன்னது வரிசைப்படுத்தித் தரும். பின்னதிலோ, ஒவ்வொரு காணிக்கும் தனிப் பக்கம் வகுத்து, அதற்குரிய உறுதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இடம் நிறைந்தவிடத்து வேறு தொகுதியின் வேறு பக்கத்திற்குக் கொண்டுசென்று, அவ்வெண்ணையும் குறித்து வைப்பர்.

இந்தத் தொடர்ச்சியிலேதான் யாழ்ப்பாணத்துப் பரிசோதனையின் நுட்பம் உள்ளது. பழைய பக்கத்தைக் கண்டறியாமல் புதிய பக்கம் திறந்து ஓர் உறுதியைப் பதிந்துவிட்டால், புதிய பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்குப் பழைய ஈடு புலப்படாது. ஆதலின், பக்கத்தின் முதற்பதிவு அண்மைக் காலத்ததாயிருந்தும் முந்திய பக்கத்தைச் சுட்டும் குறிப்பில்லையேல், தாய் உறுதியிற் பொறித்த தொகுதி, பக்க எண்களைக் கொண்டு பின்னோக்கித் தேட வேண்டும். தமிழ்நாட்டிலோ, உட்பிரிவால் சர்வே எண் மாறியிருப்பின் பழைய எண்ணுக்கும் தனியே சான்று கோர வேண்டும்.

இனி, ஒரு தந்தை தாம் சம்பாதித்த மனையை விட்டுக் காலமானார், தாயும் முன்னரே இறந்தார், மூத்த மகன் அதனை விற்க முற்படுகிறான், அவனுக்கு இரு சகோதரிகள் உளர் எனக் கொள்வோம். தமிழ்நாட்டு வில்லங்கச் சான்று தந்தையின் கிரயப் பத்திரத்தோடு நின்றுவிடும். மரணம் அதிற் பதிவாவதில்லை. உயில் இருந்து அது பதிவாகியிருப்பினும், வேறு புத்தகத்திற் சேர்வதால் சான்றில் தோன்றாது. பட்டா மகன் பெயருக்கு மாறியிருப்பினும், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயிலில்லாவிடத்து மூவருக்கும் சமபங்கு உண்டு. எனவே வாரிசுச் சான்றிதழைப் பெற்று, சகோதரிகளும் கையொப்பமிட்டாலன்றிக் கிரயம் முழுமை பெறாது.

யாழ்ப்பாணத்திலும் தோம்பு அதே இடத்தில் மௌனமாகும். மகன் கொடுக்கக்கூடியது பிரிபடாத மூன்றிலொரு பங்கே. அதனையும் அந்நியருக்கு விற்குமுன், தேசவழமைச் சட்டத்தின்படி முதலில் வாங்கும் உரிமை படைத்த உடன்பங்காளருக்கு முறையாக அறிவித்தல் வேண்டும். இதனைத் தவறவிட்டு உறுதி முடித்தவர், பின்னர் நீதிமன்றத்தில் அவர்களை எதிர்கொள்ள நேரிடும்.

இரு நாட்டுப் பதிவேடுகளும் ஒப்பமிட்டவரை அறியும்; ஒப்பமிட வேண்டியிருந்தும் இடாதவரை அறியா. ஆகையால் தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை ஒவ்வொன்றாய் வாசித்து, வாங்கியவர் பெயரும் அடுத்ததில் விற்றவர் பெயரும் பொருந்தாதவிடத்தில் நின்று, இடையில் இறந்தவர் யார், அவருக்கு மக்கள் எத்தனைபேர் என வினவுவதே மெய்யான பரிசோதனையாகும்.