நடுப்பட்டைக்குள் நிற்குமா? ஒரு பேனர் ப்ராம்ப்ட்டின் தரம்

யூடியூப் சேனல் தொடங்குகிறவர்களிடையே ஒரு ப்ராம்ப்ட் கைமாறிக்கொண்டே இருக்கிறது. சொற்கள் ஆளுக்கு ஆள் மாறினாலும் சாரம் இதுதான்: “2560 x 1440 அளவில் மாடித் தோட்டம் பற்றிய சேனலுக்குப் பேனர் வரைந்து கொடு. சேனல் பெயரும் முக்கியப் படமும் நடுவிலுள்ள 1546 x 423 பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கட்டும். எல்லாத் திரைகளுக்கும் பொருந்த வேண்டும்.” படம் வரையும் ஏஐ கருவியிடம் இப்படிக் கேட்டால் கேட்டது கிடைக்குமா என்பதே இங்கே கேள்வி.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். யூடியூப் ஒரே ஒரு படத்தை வாங்கிக்கொண்டு திரைக்கேற்ப வெட்டிக் காட்டுகிறது. தொலைக்காட்சியில் 2560 x 1440 படம் முழுவதும் தெரியும். கணினியில் அகலம் 2560 வரை விரியும், ஆனால் உயரம் 423 பிக்சல்தான். கைபேசியில் 1546 x 423 மட்டுமே மிஞ்சும். கணினி, கைபேசி இரண்டிலும் உயரம் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புப் பகுதி படத்தின் அகலத்தில் 60 விழுக்காடு, உயரத்தில் வெறும் 29 விழுக்காடு. பரப்பில் பார்த்தால் மொத்தப் படத்தில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அகலத்தில் ஓரளவு தாராளம் உண்டு. நெருக்கடி முழுவதும் உயரத்தில்தான்.

இந்த ப்ராம்ப்ட்டை எழுதியவருக்கு வெட்டு எங்கே விழும் என்று தெரிந்திருக்கிறது. அந்த அறிவு பாராட்டத்தக்கது. பேனர் வைக்கிறவர்கள் பலருக்கு அது இல்லை. ஆனால் அந்த அறிவைக் கருவிக்குக் கடத்தும் வழியில்தான் கோளாறு. இத்தகைய கருவிகள் படங்களையும் அவற்றின் விளக்க வரிகளையும் இணை இணையாகப் பார்த்துப் பழகியவை. “இடப்பக்கம் ஒரு மரம்”, “தொலைவில் மலை” போன்ற விளக்கங்கள் அந்த வரிகளில் நிறைய இருக்கும். “மேல் விளிம்பிலிருந்து 508 பிக்சல் கீழே” என்று யாரும் படத்தை விவரிப்பதில்லை. ஆகவே 423 என்ற எண்ணை அளவுகோலாக வைத்துக் கோடு போட்டு வரையும் திறனை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. “நடுவில்” என்ற சொல் மட்டும் வேலை செய்யும்.

அந்தச் சொல் வேலை செய்வதே அடுத்த சிக்கல். மாடித் தோட்டத்து ஆளை நடுவில் வை என்றால் ஆள் நடுவில்தான் வருவார். ஆனால் தலை முதல் இடுப்பு வரை படத்தின் உயரத்தில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு வருவார். தொலைக்காட்சியில் அழகாக இருக்கும். கைபேசியில் 423 பிக்சல் பட்டையாக வெட்டியதும் மூக்கிலிருந்து மார்பு வரைதான் தெரியும். கேட்டபடி நடுவில் இருந்தும் படம் பயன்படாது.

கோரிய அளவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பல கருவிகள் சில குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே படம் தருகின்றன. உதாரணமாக 1536 x 1024 அளவில் வந்த படத்தை 2560 அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் ஏறத்தாழ 1707 ஆகும். 1440-ஐத் தாண்டும் 267 பிக்சலை வெட்டியாக வேண்டும். அந்த வெட்டை மேலிருந்து எடுக்கிறோமா, கீழிருந்தா என்பதைப் பொறுத்து நடுப்பட்டையே இடம் மாறிவிடும். இன்னொரு கோளாறையும் அடிக்கடி காணலாம். “பாதுகாப்புப் பகுதி” என்று எழுதியதைக் கருவி வரையச் சொன்ன பொருளாக எடுத்துக்கொண்டு, படத்தின் நடுவே ஒரு செவ்வகச் சட்டத்தைப் போட்டுவிடும். சில நேரம் அந்த எண்களையே எழுதிவைக்கும். “எல்லாத் திரைகளுக்கும் பொருந்த வேண்டும்” என்ற கடைசி வரியால் எந்தப் பயனும் இல்லை. வெட்டுவது யூடியூப், வரைகிற கருவிக்கு அந்த வெட்டில் பங்கே கிடையாது.

தமிழ்ச் சேனலுக்கு எழுத்துச் சிக்கலும் சேர்கிறது. கொம்பும் காலும் இடம் மாறுவது, புள்ளி காணாமல் போவது, எழுத்தைப் போலத் தோன்றும் வெறும் வளைவுகள் வருவது எல்லாம் இத்தகைய படங்களில் நடப்பவை. புதிய கருவிகள் தேறியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் சேனலின் பெயரை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அவற்றைச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? எண்களை விட்டுவிட்டு, வெட்டைத் தாங்கும் காட்சியைக் கேட்க வேண்டும். “16:9 அகலப் படம். தொலைவிலிருந்து பார்க்கும் மொட்டை மாடி. படத்தின் குறுக்கே, சரிபாதி உயரத்தில், தாழ்வான தொட்டிச் செடிகளின் ஒற்றை வரிசை. அதற்கு மேலே தெளிந்த காலை வானம், கீழே வெறும் சிமெண்டுத் தரை. வரிசையின் நடுவே செடியில்லாத வெற்று இடம். எழுத்து எதுவும் வேண்டாம்.” இதில் தொலைவும் தாழ்வான வரிசையும் செடிகளின் உயரத்தைத் தாமாகவே கட்டுப்படுத்துகின்றன. வானமும் தரையும் வெட்டுப்பட்டாலும் இழப்பில்லை. தொலைக்காட்சியில் அவை காட்சியை நிறைவாக்கும். பெயருக்கான இடம் காலியாகக் காத்திருக்கும். கருவிக்குப் புரிகிற மொழி இது.

இதுவும் உத்தரவாதமில்லை என்பதால் சோதனை தேவை. கேன்வா, கிம்ப், போட்டோபியா என எதிலாவது 2560 x 1440 பக்கம் திறந்து படத்தை வைத்து, இடமிருந்து 507, 2053 ஆகிய இடங்களில் நெட்டுக்கோடும், மேலிருந்து 508, 931 ஆகிய இடங்களில் கிடைக்கோடும் குறிக்க வேண்டும். நான்கு கோடுகளுக்கு வெளியே உள்ளதைக் கையால் மறைத்துப் பார்த்தாலே கைபேசியில் என்ன மிஞ்சும் என்று தெரிந்துவிடும். செடி வரிசை மேலே ஏறியிருந்தால் படத்தைக் கீழே நகர்த்தலாம். மேலே விடுபடும் இடத்தில் வானத்தை நீட்டிக்கொள்ளலாம். பெயரை அங்கேயே நல்ல யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டும்.

பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்துவிட்டால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. அந்த 1546 பிக்சலும் கைபேசியில் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் அகலத்தில் அடங்க வேண்டும். 60 பிக்சல் உயர எழுத்து அங்கே இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கும். பெயருக்கு 120 பிக்சலாவது கொடுத்தால் ஐந்து மில்லிமீட்டர் கிடைக்கும். ஒரு பெயர், அதன் கீழ் ஒரு சிறு வரி. அதற்கு மேல் அந்தப் பட்டை தாங்காது.

“புதிய கருவிகள் இட அமைப்பைச் சொன்னபடி கேட்கின்றனவே” என்று ஒரு வாதம் வரலாம். உண்மை, இடம், வலம், முன், பின் போன்றவற்றை அவை நன்றாகவே பின்பற்றுகின்றன. ஆனால் இங்கே தேவைப்படுவது சில விழுக்காடு கூடத் தவறாத அளவு. அந்த அளவை உறுதிசெய்யும் வழி ஒன்று உண்டு: நடுப்பட்டையை முதலில் முடித்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து நிரப்பச் சொல்வது. அப்போது எல்லையைப் போடுவது நம் தேர்வுதான், ப்ராம்ப்ட் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: பிக்சல் எண்களை அடுக்கும் அந்த ப்ராம்ப்ட் பேனர் தயாரிக்கத் தகுதியற்றது. அதிலுள்ள அறிவு சரி, இடம்தான் தவறு. எண்கள் தொகுப்பு மென்பொருளின் கோடுகளுக்கு உரியவை. காட்சி விவரிப்பு ப்ராம்ப்ட்டுக்கு உரியது. சேனலின் பெயர் நம் கையால் தட்டச்சு செய்யப்பட வேண்டியது. பதிவேற்றும்போது யூடியூப் காட்டும் தொலைக்காட்சி, கணினி, கைபேசி முன்னோட்டம் மூன்றையும் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.