ஐயாயிரமும் ஐயாயிரமும் ஒன்றா?

போன் வாங்குகிறவர் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்கும் எண் பேட்டரியின் எம்.ஏ.எச். திருப்பாலைவனத்தைத் தாண்டிப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் போனால் இந்தக் கேள்விக்குக் கனம் கூடிவிடுகிறது. விடியுமுன் படகேறி, ஏரியிலோ முகத்துவாரம் கடந்து கடலிலோ பாதி நாளைக் கழிப்பவர் நடுவில் சார்ஜ் போட முடியாது. கடையில் இரண்டு போன்களைக் காட்டி, இதுவும் ஐயாயிரம், அதுவும் ஐயாயிரம் என்கிறார்கள். ஒன்று மாலை வரை நிற்கிறது. மற்றது படகு கரை சேருமுன்பே அணைந்துவிடுகிறது. அந்த ஐயாயிரம் எதைச் சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லும் தகுதி அதற்கு இல்லை என்பதையே இங்கே எடைபோட வேண்டும்.

முதலில் அந்த எண்ணுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். மில்லி ஆம்பியர் மணி என்பது பேட்டரி தரக்கூடிய மின்னூட்டத்தின் அளவு. ஆற்றல் எவ்வளவு என்று அறிய அதை மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். 5,000 எம்.ஏ.எச். பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்றால் ஆற்றல் 19.25 வாட் மணி. இந்த மின்னழுத்தம் போனுக்குப் போன் சற்றே மாறும். விளம்பரத்தில் வரும் ஐயாயிரம் பெரும்பாலும் ‘வழக்கமான’ கொள்ளளவு. உறுதிசெய்யப்பட்ட குறைந்தபட்சக் கொள்ளளவு அதைவிட நூறு, நூற்றைம்பது குறைவாகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதனால் வரும் வேறுபாடு சில சதவீதமே. அரை நாள் முன்னதாகப் போன் அணைவதற்கு இது காரணமாகாது. எம்.ஏ.எச். பொய் சொல்லவில்லை. நாம் கேட்பது வகுத்தல் கணக்கின் விடை. அது தருவது வகுபடும் எண்ணை மட்டும். வகுக்கும் எண், அதாவது போன் மணிக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பது, எந்தப் பெட்டியின் மீதும் இல்லை.

வகுக்கும் எண்ணின் வலிமையைக் காட்ட நம் சந்தையிலேயே ஒரு சுத்தமான சான்று உண்டு. 2020-இல் சாம்சங் தன் எஸ்20 வரிசையை நாட்டுக்கு நாடு வெவ்வேறு சிப்போடு விற்றது. எஸ்20 அல்ட்ராவின் பேட்டரி எங்கும் 5,000 எம்.ஏ.எச். தான், உடலும் திரையும் ஒன்றே. அமெரிக்காவில் அதற்குள் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 865. இந்தியாவில் சாம்சங்கின் சொந்த எக்ஸினாஸ் 990. இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துச் சோதித்த ஆனந்த்டெக் இணையதளம், எக்ஸினாஸ் வடிவம் அதே வேலைக்குக் கூடுதல் ஆற்றல் தின்பதையும், பேட்டரி ஆயுளில் பின்தங்குவதையும் பதிவு செய்தது. அந்த எக்ஸினாஸின் பெரிய கருக்கள் சாம்சங் தானே வடிவமைத்தவை. ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்பையொட்டிய ஸ்னாப்டிராகன் கருக்களைவிட அவை வேலைக்கு வேலை அதிகம் செலவழித்தன. அந்த வடிவமைப்புக் குழுவையே சாம்சங் 2019-இன் இறுதியில் கலைத்துவிட்டது.

இந்தியச் சான்று இன்னும் நெருக்கமானது. எஸ்20 எஃப்.இ. 2020 அக்டோபரில் எக்ஸினாஸ் 990-உடன் இங்கே வந்தது. 2021-இல் அதே பெயரில் 5ஜி வடிவம் ஸ்னாப்டிராகன் 865-உடன் வந்தது. இரண்டிலும் 4,500 எம்.ஏ.எச்., இரண்டிலும் 6.5 அங்குலத் திரை. அப்போது நாட்டில் 5ஜி சேவையே இல்லை. ஆகவே 5ஜி ஒரு வடிவத்தின் சார்ஜைத் தின்றது என்ற சாக்கும் எழாது. இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு சம எண்ணும் உண்டு. இரண்டு சிப்புகளும் 7 நானோமீட்டர் என்றே விற்கப்பட்டன. ஒன்று சாம்சங்கின் ஆலையிலும் மற்றது தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையிலும் உருவாயின, எண் ஒன்றாக இருந்தும் செயல்முறை வேறு. ஐயாயிரம் மறைப்பதைத்தான் இந்த ஏழும் மறைக்கிறது.

ஆயினும் சிப்பை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டால் திறனாய்வு நகரத்து மேசையிலேயே நின்றுவிடும். விளையாட்டும் வீடியோவும் பார்ப்பவருக்குச் சிப் முதன்மை. ஏரியில் பையில் கிடக்கும் போனில் சிப் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே விழித்திருப்பது ரேடியோ.

போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான உறவு இருவழிப்பட்டது. கோபுரத்தின் குரல் போனுக்குக் கேட்டால் போதாது. போனின் குரலும் கோபுரத்துக்குக் கேட்க வேண்டும். எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதைக் கோபுரமே கட்டளையிடுகிறது. கோபுரத்தின் அருகில் போன் கிசுகிசுத்தால் போதும். எல்லைக்குப் போனதும் 4ஜி போன் தன் உச்ச வரம்பில் கத்துகிறது. வழக்கமான வரம்பு ஆன்டெனாவில் 200 மில்லி வாட். அதை உண்டாக்கும் பெருக்கி சிக்கனமான உறுப்பில்லை. வெளியே 200 மில்லி வாட் போக, பேட்டரியிலிருந்து அதைப் போல் பல மடங்கு இழுக்கிறது. இதோடு சிக்னல் மெலிந்தால் தரவின் வேகமும் இறங்குகிறது. கரையில் இரண்டு நொடியில் போகும் இறால் படம் ஏரி நடுவில் அரை நிமிடம் எடுக்கலாம். அத்தனை நேரமும் பெருக்கி உச்சத்தில் இருக்கும். செலவின் வீதமும் கூடி, செலவழியும் நேரமும் நீள்கிறது.

சிக்னல் முற்றிலும் அறுந்தாலும் நிம்மதி இல்லை. போன் அலைவரிசை அலைவரிசையாகத் தேடத் தொடங்குகிறது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கோபுரங்களோ ஊரையும் சாலையையும் நோக்கி நிற்பவை, நீர்ப்பரப்பை நோக்கி அல்ல. படகு நகர நகர எட்டாத ஒரு கோபுரத்தை விட்டு எட்டியும் எட்டாத இன்னொன்றைப் பிடிக்கும் வேலை போனுக்கு ஓயாது. 5ஜி போனில் இது இன்னும் கூடலாம். ஜியோ தனித்து நிற்கும் 5ஜி முறையில் தொடங்கியது. ஏர்டெல் 4ஜியை நங்கூரமாக வைத்து அதன் மேல் 5ஜியை ஏற்றும் முறையில் தொடங்கியது. இரண்டாவது முறையில் தரவு ஓடும்போது போன் இரண்டு ரேடியோக்களைச் சேர்த்துத் தாங்குகிறது. 5ஜி எல்லையோரக் குப்பத்தில் போனை 4ஜியில் நிறுத்திவைப்பது அதனால்தான் பயன் தருகிறது.

சம எம்.ஏ.எச். போன்கள் பிரிகிற இடம் இதுவே. மோடத்தின் தரம், ஆன்டெனா அமைந்த விதம், தொலைவு செல்லும் தாழ்ந்த அலைவரிசைகளில் எவற்றை அந்த மாடல் ஏற்கிறது என்பவை சேர்ந்து ஒரு போனுக்கு மூன்று கோடு சிக்னலையும் பக்கத்துப் போனுக்கு ஒரு கோட்டையும் தருகின்றன. கோடுகளை நம்பவும் முடியாது. எத்தனை டெசிபலுக்கு எத்தனை கோடு என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வகுத்துக்கொள்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அழைப்புப் பலகையில் `*#*#4636#*#*` அடித்தால் சிக்னலின் உண்மை அளவு தெரியும். `-85 dBm` அளவில் இருந்தால் நலம். `-115 dBm` என்று இறங்கினால் போன் திணறுகிறது. ஒரே சிம் நிறுவனம், ஒரே இடம், இரண்டு போன்: இந்த எண்ணை ஒப்பிடுவது பெட்டியின் எண்ணை ஒப்பிடுவதைவிடப் பலமடங்கு பொருளுள்ள ஒப்பீடு.

திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கியது போன்ற செயலிகளில் காற்று, அலை, இருப்பிடம் எல்லாம் திரையில்தான் வருகின்றன. ஜி.பி.எஸ். சார்ஜைக் குடிக்கிறது என்ற புகார் பரவலானது, பெரும்பகுதி அநியாயமானது. செயற்கைக்கோளைக் கேட்கும் உறுப்பு தின்பது கொஞ்சம். வெயிலில் வரைபடம் தெரிய உச்ச ஒளியில் எரியும் திரை தின்பது அதிகம். ஓஎல்இடி திரையில் வெண்மை மிகுந்த பக்கம் செலவு மிகுந்தது, கருமைப் பின்னணி சேமிப்பு. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் கருமைப் பின்னணிக்குப் பலன் அனேகமாக இல்லை. அறைக்குள் சமமாக நின்ற இரு போன்கள் வெயிலில் பிரிவதற்கு இது போதும்.

எம்.ஏ.எச்.-ஐ விடச் சிறந்த அளவுகோல் உண்டா? ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் போன்களுக்கு ஆற்றல் முத்திரையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு முழு சார்ஜ் எத்தனை மணி, எத்தனை நிமிடம் நிற்கும் என்பதையும், எத்தனை சார்ஜ் சுற்றுகளை பேட்டரி தாங்கும் என்பதையும் அது அச்சிடச் சொல்கிறது. வகுத்தலின் விடையையே கேட்பது அதன் சிறப்பு. வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்கு வாங்குகிறவரின் அலகிலேயே பதில் வருகிறது. ஆனால் அந்த மணிக்கணக்கு வரையறுத்த ஆய்வக நிலைகளில் எடுக்கப்படுவது. கோபுர எல்லையையும் நண்பகல் வெயிலையும் அது அளப்பதில்லை. நகரவாசிக்கு அது நல்ல வழிகாட்டி. ஏரிக்குப் போகிறவருக்குப் பாதி வழிகாட்டி.

மீதிப் பாதியை ஊரிலேயே அளக்கலாம். போனை முழுக்க சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு விமானப் பயன்முறையில் எட்டு மணி நேரம் விடவும். மறு இரவு சிம்முடன் அதே எட்டு மணி நேரம். இரண்டு இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த இடத்தில் ரேடியோவின் செலவு. இரண்டு 5,000 போன்களில் சிம் இரவின் இறக்கம் ஒன்றில் 3 சதவீதம், மற்றதில் 12 என்று வைத்துக்கொள்வோம். 19.25 வாட் மணியில் 3 சதவீதம் சுமார் 0.58, 12 சதவீதம் 2.31. எட்டால் வகுத்தால் முதல் போன் சும்மா கிடக்க 0.07 வாட், இரண்டாவது 0.29 வாட். நாள் முழுவதற்கும் நீட்டினால் முதலாவதில் 1.7 வாட் மணி, இரண்டாவதில் 7 வாட் மணி. இரண்டாவது போன் யாரும் தொடாமலேயே பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கும். போன் காட்டும் சதவீதமும் ஒரு மதிப்பீடே என்பதால் ஓரிரு சதவீத வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். நான்கு மடங்கு வேறுபாட்டைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். விமானப் பயன்முறையிலும் இறக்கம் அதிகம் என்றால் குறை ரேடியோவில் இல்லை. பின்னணியில் ஓடும் செயலியிலோ மூப்படைந்த பேட்டரியிலோ தேட வேண்டும்.

எம்.ஏ.எச். ஒரு நேர்மையான அளவு, தவறான இடத்தில் வைக்கப்பட்ட அளவு. ஒரே மாடலின் இரண்டு வடிவங்களில் பெரிய பேட்டரியைத் தேர்வதற்கு அது போதும். இரண்டு வேறு போன்களில் எது கூடுதல் நேரம் நிற்கும் என்று தீர்ப்புச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. ஏரிக்கரையில் போன் தேர்பவர் பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் தன் குப்பத்தில் அந்தப் போன் காட்டும் சிக்னல், அடுத்து சிப்பின் சிக்கனம், அதன் பிறகு வெயிலில் திரை. ஐயாயிரம் நான்காம் இடத்தில்தான் வரும்.